ஐஎஸ்ஓ 1000-ல நாய்ஸ், 3200-ல சுத்தம்: பாக்கெட் 4கே உள்ள நடக்குறது என்ன

கேள்வி: "பாக்கெட் 4கே-ல ஒரு ஷார்ட் ஃபிலிமுக்கு நைட் சீன் எடுத்தோம். 400-ம் 3200-ம் நேட்டிவ்னு சொல்றாங்க, இருந்தாலும் கம்மியா இருந்தா நல்லதுன்னு 1000 வச்சேன், நிழல் பூரா நாய்ஸ். அதே இடம், அதே லென்ஸ், அதே எஃப் 2, ஃப்ரெண்ட் 3200 வச்சு எடுத்தது என்னோடதவிட சுத்தமா இருக்கு. ஐஎஸ்ஓ ஏத்தினா நாய்ஸ் கூடணும்தானே? அப்போ எப்பதான் மேல மாத்தணும்?"

இருட்டுல எடுக்க அந்த கேமராலயே மோசமான நம்பர் எதுன்னு கேட்டா நான் 1000-ன்னுதான் சொல்லுவேன், நீங்க சரியா அதுல போய் நின்னிருக்கீங்க. பிளாக்மேஜிக் பாக்கெட் 4கே-ல 100-லேருந்து 1000 வரைக்கும் ஒரு சர்க்யூட், அதோட பேஸ், அதாவது நேட்டிவ், 400. 1250-லேருந்து 25600 வரைக்கும் இன்னொரு சர்க்யூட், அதோட பேஸ் 3200. இதுக்குன்னு தனியா மெனு எதுவும் கிடையாது, நீங்க ஐஎஸ்ஓவ 1000-லேருந்து ஒரு கிளிக் தள்ளி 1250-க்கு கொண்டு போற அந்த இடத்துல கேமரா தானா மாறிக்கும். நம்பர்ல பாத்தா ஒரு ஸ்டாப்ல மூணுல ஒரு பங்கு வித்தியாசம்தான், ஆனா சென்சார் தன்னோட சிக்னல படிக்கிற விதமே வேற ஆயிடுது.

முதல்ல 400-லேருந்து 1000 வரைக்கும் என்ன நடக்குதுன்னு பாருங்க. ரா-ல எடுக்குறப்போ சென்சார பொறுத்தவரைக்கும் ஒண்ணுமே நடக்கல. சென்சார் அதே மாதிரிதான் படிக்குது, படிச்ச நம்பர 2.5 ஆல பெருக்கி உங்களுக்கு வெளிச்சமா காட்டுறாங்க, அவ்வளவுதான். மானிட்டர்ல பிரகாசமா தெரியுதேன்னு நீங்க 400-க்கு வேண்டிய வெளிச்சத்தவிட 1.3 ஸ்டாப் கம்மியா சென்சாருக்கு குடுத்துட்டு திருப்தியா ரெக்கார்ட் பட்டன அமுக்குறீங்க. அந்த கம்மி சிக்னல தூக்கும்போது அடியில கிடந்த நாய்ஸும் கூடவே தூக்கிட்டு வருது. "ஐஎஸ்ஓ ஏத்தினா நாய்ஸ் கூடும்"ங்கறது ஒரே சர்க்யூட்டுக்குள்ள இருக்குற வரைக்கும், அதுவும் ஏத்தினதுக்கு தகுந்த மாதிரி வெளிச்சத்த குறைக்கிற வரைக்கும் உண்மை. சர்க்யூட் மாறுற இடத்துல அந்த கணக்கு உடைஞ்சுடும்.

ஏன் உடையுதுன்னா, நாம நாய்ஸுன்னு ஒரே பேர்ல சொல்றது ரெண்டு வேற விஷயம். ஒண்ணு வெளிச்சத்தோடவே வர்றது. ஃபோட்டான் எல்லாம் வரிசையா எண்ணி வெச்ச மாதிரி வராது, மழைத்துளி மாதிரி கண்டபடி விழும், அதனால சராசரியா 100 எலக்ட்ரான் சேர வேண்டிய பிக்சல்ல ஒரு ஃப்ரேம்ல 90 இருக்கும் அடுத்த ஃப்ரேம்ல 110 இருக்கும், இந்த ஆட்டம் சேர்ந்த எண்ணிக்கையோட வர்க்கமூலம். இத எந்த கேமரா கம்பெனியாலயும் குறைக்க முடியாது, வெளிச்சத்த கூட்டுறது ஒண்ணுதான் வழி. இன்னொண்ணு கேமரா சேர்க்குறது. பிக்சல்ல சேர்ந்த எலக்ட்ரான வோல்ட்டேஜா மாத்தி, ஆம்ப்ளிஃபையர் வழியா அனுப்பி, நம்பரா மாத்துற வரைக்கும் வழியில இருக்குற ஒவ்வொரு சர்க்யூட்டும் தன் பங்குக்கு கொஞ்சம் இரைச்சல் போடும். இதுக்கு ரீட் நாய்ஸ்னு பேரு, ரெண்டாவது பேஸ் கைவைக்கிறது இதுல மட்டும்தான்.

எலக்ட்ரான் வோல்ட்டேஜா மாறுற இடத்துல ஒரு சின்ன கெபாசிட்டர் இருக்கும். கெபாசிட்டன்ஸ் பெருசா இருந்தா நிறைய எலக்ட்ரான் கொள்ளும், ஆனா ஒரு எலக்ட்ரானுக்கு கிடைக்கிற வோல்ட்டேஜ் கம்மி. சின்னதா இருந்தா அதே எலக்ட்ரானுக்கு வோல்ட்டேஜ் எக்கச்சக்கமா ஏறும், ஆனா சீக்கிரம் நிரம்பிடும். ஒரு டம்ளர் தண்ணிய அகலமான அண்டாவுல ஊத்தினா மட்டம் ஏறினதே தெரியாது, அதையே குறுகலான சொம்புல ஊத்தினா பளிச்னு ஏறும், ஆனா சொம்பு சீக்கிரம் வழிஞ்சுடும். டூயல் நேட்டிவ் ஐஎஸ்ஓன்னு விக்கிற கேமராக்கள்ல பரவலா இருக்குறது இந்த மாதிரி ஒவ்வொரு பிக்சல்லயும் ஒரு ஸ்விட்ச் வச்சு பெரிய கெபாசிட்டன்ஸுக்கும் சின்னதுக்கும் மாத்துற முறைதான். சில டிசைன்ல பிக்சலுக்கு வெளிய ரெண்டு தனி ஆம்ப்ளிஃபையர் பாதை வச்சும் இதே வேலைய பண்ணலாம், நமக்கு ரெண்டுக்கும் பலன் ஒண்ணுதான்: சிக்னல வழியிலயே சீக்கிரமா பெருசாக்கிட்டா, பின்னாடி வர்ற சர்க்யூட் போடுற இரைச்சல் அதுக்கு முன்னாடி சின்னதா போயிடும்.

இது எவ்வளவு உதவும்னு நம்பர்ல போட்டு பாத்தா நல்லா புரியும். கீழ வர்ற எண்கள் புரியுறதுக்காக நான் எடுத்துக்கிட்டது, உங்க சென்சார்ல அளந்தது இல்ல. முகத்துல வெளிச்சம் படுற பக்கம் ஒரு பிக்சல்ல 2000 எலக்ட்ரான், பின்னாடி இருட்டு சுவர்ல 20 எலக்ட்ரான்னு வைங்க. கீழ் சர்க்யூட்டோட ரீட் நாய்ஸ் 6 எலக்ட்ரான், மேல் சர்க்யூட்டோடது 1.5. முகத்துல ஃபோட்டான் ஆட்டமே 45 கிட்ட வந்துடுது, அதோட 6 சேர்ந்தாலும் 1.5 சேர்ந்தாலும் மொத்தம் 45 பக்கம்தான் நிக்கும், ஏன்னா ரெண்டு நாய்ஸும் நேரா கூடாது, வர்க்கமா கூடி மூலம் எடுக்கணும். அதனால முகத்துல ஒரு வித்தியாசமும் தெரியாது. சுவருக்கு வாங்க. ஃபோட்டான் ஆட்டம் 4.5, கீழ் சர்க்யூட்ல மொத்தம் 7.5 ஆகுது, மேல் சர்க்யூட்ல 4.7-லயே நின்னுடுது. சிக்னல் 20 தான், அதுக்கு 7.5 நாய்ஸுன்னா அது சுவரே இல்ல கொதிக்கிற கஞ்சி, 4.7-ன்னா கிரெயின் இருக்கும் ஆனா சுவர்னு தெரியும். உங்க ஃப்ரெண்டோட ஷாட்ல நீங்க பாத்தது இததான். அவருக்கும் உங்களுக்கும் சென்சார்ல விழுந்த வெளிச்சம் ஒண்ணுதான், அவரோட 3200 பிரகாசமா ரெக்கார்ட் ஆகியிருக்கும், அத உங்க லெவலுக்கு இறக்கி பாத்தா நிழல்ல ரீட் நாய்ஸ் கம்மியா இருக்கு, அவ்வளவுதான் ரகசியம்.

இதுல பலரும் கவனிக்காத இடம் நீலச் சேனல். நைட் சீன்னா பெரும்பாலும் மஞ்ச பல்பு, சோடியம் தெருவிளக்கு, இல்ல 3200 கெல்வின் எல்இடி. அந்த வெளிச்சத்துல நீலம் ரொம்ப கம்மி, சென்சாரோட நீல பிக்சல்களுக்கு பச்சைக்கு வர்றதுல சின்ன பங்குதான் வந்து சேரும். ஒயிட் பேலன்ஸ் பண்ணும்போது அந்த நீலத்த நல்லா பெருக்கி தூக்குவாங்க. அதனால முகம் சரியான எக்ஸ்போஷர்ல இருந்தாலும் அதோட நீலச் சேனல் மட்டும் நிழல் மாதிரி பட்டினியில கிடக்கும், ரீட் நாய்ஸ் அங்க பூந்து விளையாடும். தோல்ல ஊதாவும் நீலமுமா திட்டுத்திட்டா ஆடுதே, அது பெரும்பாலும் இதுதான். எடிட்டும் கலரும் பண்ற ரிசால்வ் சாஃப்ட்வேர்ல நீலச் சேனல மட்டும் தனியா எடுத்து பாருங்க, 1000-ல எடுத்த கிளிப்புக்கும் 1250-ல எடுத்ததுக்கும் வித்தியாசம் மூணு சேனல்லயும் இங்கதான் அதிகமா தெரியும். வெள்ளை ட்யூப்லைட்ல டெஸ்ட் பண்ணிட்டு "பெரிய வித்தியாசம் இல்லையே"ன்னு சொல்றவங்களுக்கும் மஞ்ச பல்புல பாத்தவங்களுக்கும் சண்டை வர்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, அப்போ எப்பவுமே மேல வச்சுக்கலாமேன்னா, சொம்பு வழியுற கதை இருக்கு. மேல் சர்க்யூட்ல சென்சார் நிரம்புறதுக்கு முன்னாடியே வோல்ட்டேஜ் உச்சிய தொட்டுடும், அதுக்கு மேல வர்ற வெளிச்சம் எல்லாம் வெறும் வெள்ளை. 400-க்கும் 3200-க்கும் நடுவுல 3 ஸ்டாப். ரெண்டு பேஸ்லயும் நடு சாம்பலுக்கு மேல ஏறக்குறைய ஒரே அளவு இடம் இருக்குன்னு வச்சுக்கிட்டா, 1000-ல நீங்க வெளிச்சத்த குறைச்சு குடுக்குறதால ஹைலைட்டுக்கு 1.3 ஸ்டாப் கூடுதல் இடம் கிடைக்கும், 1250-ல 3200-க்கு வேண்டியதவிட 1.36 ஸ்டாப் அதிகமா குடுக்குறதால அந்த அளவு இடம் போயிடும். ஆக 1000-லேருந்து ஒரு கிளிக் தள்ளி 1250 போனா ஹைலைட்ல தோராயமா இரண்டரை ஸ்டாப்புக்கு மேல இழக்குறீங்க. சின்ன விஷயம் இல்ல. ஃப்ரேம்ல நேரா பல்பு தெரியுற டீக்கடை ஷாட்னா 1000-ல பல்ப சுத்தி ஆரஞ்சு வட்டம் அழகா இறங்கும், 1250-ல பல்பும் பக்கத்து சுவரும் சேர்ந்து ஒரு வெள்ளை பிளாஸ்திரியா ஆயிடலாம். மஞ்ச வெளிச்சத்துல மூணு சேனலும் ஒண்ணா நிரம்பாது, அதனால பல்ப சுத்தி நிறம் கோணலா வரும், ரிசால்வ்ல இருக்குற `Highlight Recovery` மிச்ச சேனல வச்சு கொஞ்சம் ஒட்டுப்போடும், முழுசா திருப்பி தராது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கயே தீர்த்துடுறேன். "3200 நேட்டிவ், அதனால 1250-அ விட 3200-லதான் நாய்ஸ் கம்மி"ன்னு நிறைய பேர் எழுதுறாங்க, அது தப்பு. பிளாக்மேஜிக் ரா-ல ஐஎஸ்ஓங்கறது அந்த ரேஞ்சுக்குள்ள வெறும் குறிப்புதான். லென்ஸும் ஷட்டரும் மாறலன்னா 1250-ல எடுத்தாலும் 3200-ல எடுத்தாலும் சென்சார்லேருந்து வர்ற டேட்டா ஒண்ணு, ரிசால்வ்ல கிளிப்ப எடுத்து 1250-க்கும் 3200-க்கும் நடுவுல இஷ்டத்துக்கு மாத்தலாம். மாத்த முடியாதது ரேஞ்ச் தாண்டி போறது, 1000-ல எடுத்தத 1250-க்கு ஏத்த முடியாது, 1250-ல எடுத்தத 800-க்கு இறக்க முடியாது, ஏன்னா அது எடுக்கும்போதே ஸ்விட்ச் போட்ட விஷயம். 3200-அ விட 1250-ல படம் சுத்தமா வர்றதுக்கு காரணம், மானிட்டர் மங்கலா தெரியுறதால நீங்க ஐரிஸ திறப்பீங்க இல்ல லைட்ட கூட்டுவீங்க. 3200-க்கு நேட்டிவ்னு பேர் வச்சது, அந்த இடத்துல ஹைலைட்டுக்கும் நிழலுக்கும் பங்கு சமமா விழுதுங்கறதால. நாய்ஸ் கம்மின்னு யாரும் உத்தரவாதம் குடுக்கல.

இப்போ உங்க சீனுக்கே வருவோம். எஃப் 2, அதோட 25 ஃப்ரேம், 180 டிகிரி, அதாவது ஷட்டர் செகண்டுல 50-ல ஒரு பங்குன்னு வச்சுக்கலாம். வழக்கமான லைட் மீட்டர் கணக்குல இந்த செட்டிங்ல ஐஎஸ்ஓ 1000 சரியா விழணும்னா முகத்துல ஏறக்குறைய 50 லக்ஸ் இருக்கணும். 400-ல எடுக்கணும்னா 125 லக்ஸ், 640-க்கு 80 கிட்ட, 3200-ன்னா 16 போதும். முகத்துக்கிட்ட லக்ஸ் மீட்டர் பிடிச்சு பாத்து 80-க்கு மேல வருதுன்னா நான் கீழ் சர்க்யூட்லயே இருப்பேன், 400-லேருந்து 640-க்குள்ள. 50 லக்ஸ்தான் இருக்குன்னா என் முதல் முயற்சி ஒரு சின்ன எல்இடிய தெர்மோகோல்ல பௌன்ஸ் பண்ணி 125-க்கு கொண்டு வர்றது, அது எந்த ஸ்விட்சவிடவும் நல்ல மருந்து, முகத்துலயும் சேர்த்து நாய்ஸ குறைக்கிறது அது மட்டும்தான். அதுக்கு வழியில்ல, 800 இல்ல 1000 வச்சாகணும்னு வந்துட்டா, அங்க நிக்காம 1250-க்கு தாவிடுவேன், ஐரிஸ தொடமாட்டேன். ஃப்ரேம்ல பல்பு நேரா இருந்தா மட்டும் யோசிப்பேன்: பல்பு முக்கியமா நிழல் முக்கியமா. பல்புக்கு மேல பிளாக் ராப்ங்கற கறுப்பு ஃபாயில் ஒரு துண்டு ஒட்டி மங்கலாக்க முடியும்னா ரெண்டும் கிடைக்கும். முடியாது, பின்னாடி இருட்டு எப்படியும் கறுப்பாத்தான் போகப்போகுதுன்னா 1000-லயே எடுத்துட்டு கிரேடிங்ல கறுப்ப அமுக்கிடலாம், அதுவும் நியாயமான முடிவுதான். 20, 30 லக்ஸ் மாதிரி இடம்னா யோசனையே வேண்டாம், மேல்தான்.

நான் சொல்றத நம்ப வேண்டாம், ஒரு ராத்திரி நீங்களே பாத்துடுங்க. கேமராவ ட்ரைபாட்ல வச்சு, ஃப்ரேம்ல ஒரு மஞ்ச பல்பு, ஒரு ஆள், பின்னாடி ஒரு இருட்டு மூலை இருக்குற மாதிரி வைங்க. ஐரிஸ், ஷட்டர், ஒயிட் பேலன்ஸ் எதையும் தொடாம 1000-ல கொஞ்ச நேரம், 1250-ல கொஞ்ச நேரம் எடுங்க, ரெண்டுக்கும் ஒரே கம்ப்ரஷன். ரிசால்வ்ல `Camera RAW`-ல `Decode Using` இடத்துல `Clip` வச்சு, 1250 கிளிப்போட `Exposure`-அ 0.32 இறக்குங்க, ரெண்டும் ஒரே பிரகாசத்துக்கு வந்துடும். இந்த படிய விட்டுட்டா பிரகாசமா இருக்குறதுதான் நாய்ஸா தெரியும், நெட்ல இருக்குற பாதி டெஸ்ட் இங்கதான் கெட்டுப்போகுது. அப்புறம் 200 சதவீதம் பெருசாக்கி இருட்டு மூலைய ஓட விட்டு பாருங்க, நிறுத்தி வச்ச ஃப்ரேம்ல நாய்ஸ் ஏமாத்தும், ஓடும்போதுதான் நெருக்கமா கொதிக்குதா, மெல்லிசா ஆடுதா, நேர்கோடா ஏதாவது நிக்குதான்னு தெரியும். கடைசியா பல்பு இருக்குற இடத்த வேவ்ஃபார்ம்ல பாருங்க, தலை தட்டையா வெட்டின மாதிரி இருந்தா அங்க டேட்டா போச்சு. ரெண்டு கிளிப்புல எதுல தட்டை அகலமா இருக்குன்னு பாத்தா நீங்க குடுத்த விலை தெரிஞ்சுடும்.

வேற கேமராவுக்கு போனா நம்பர் மாறும், தர்க்கம் மாறாது. சோனி எஃப்எக்ஸ்3-ல சினி ஈஐ மோடுல பேஸ் 800-ம் 12800-ம், நடுவுல 4 ஸ்டாப் பள்ளம். அங்க 3200-ல எடுக்கலாம்னு கீழ் பேஸ்ல நின்னா நீங்க 2 ஸ்டாப் பட்டினி போடுறீங்க, மேல் பேஸ்ல வச்சு, பேஸ் மாறாம எக்ஸ்போஷர் அளவ மட்டும் குறிக்கிற ஈஐ நம்பர 3200-க்கு இறக்கினா நிழல் சுத்தமாகும், ஆனா ஹைலைட்ல 2 ஸ்டாப் போகும். பானசோனிக் எஸ்5-ல ஒரே சென்சாருக்கு சாதா ப்ரொஃபைல்ல 100-ம் 640-ம், சினிலைக்ல 200-ம் 1250-ம், வி-லாக்ல 640-ம் 4000-ம்னு வேற வேற ஜோடி வரும். குழம்ப வேண்டாம், எல்லா ஜோடியும் கிட்டத்தட்ட ஆறேகால் மடங்கு வித்தியாசம்தான், உள்ள ஸ்விட்ச் ஒண்ணுதான், மேல போட்ட கர்வ் மாறுறதால நம்பர் மாறுது. அதனால "எஸ்5-க்கு 4000 பெஸ்ட்"னு யாராவது சொன்னா எந்த ப்ரொஃபைல்லன்னு கேளுங்க. அந்த கேமராவுல மெனுல டூயல் நேட்டிவ் ஐஎஸ்ஓவ ஆட்டோவிலேருந்து `LOW` இல்ல `HIGH`-க்கு நீங்களே பூட்டி வைக்கலாம், பூட்டி வைங்க, ஷாட்டுக்கு நடுவுல சர்க்யூட் மாறி கிரெயின் மாறினா எடிட்ல தெரியும்.

ஒரு விஷயத்த மட்டும் தப்பா எடுத்துக்காதீங்க. 12800 சுத்தம்னு கேள்விப்பட்டு சாயங்கால வெளிச்சத்துல 4 ஸ்டாப் என்டி போட்டு 12800-ல எடுக்குறவங்கள பாத்திருக்கேன். வர்ற வெளிச்சத்துல பதினாறுல பதினஞ்சு பங்க கண்ணாடி போட்டு தடுத்தாச்சு, மிச்சத்துல ஃபோட்டான் ஆட்டம் விகிதப்படி 4 மடங்கு பெருசா தெரியும், முகத்துலயே கிரெயின் வரும், அத எந்த ரெண்டாவது பேஸும் சரி பண்ணாது. அதே மாதிரி ஹெச்.265-ல ரெக்கார்ட் பண்ற மிரர்லெஸ் கேமராக்கள்ல உள்ளுக்குள்ளயே கொஞ்சம் நாய்ஸ் ரிடக்‌ஷன் ஓடும், மேல் பேஸ்ல வர்ற சுத்தத்துல சர்க்யூட்டுக்கு எவ்வளவு பங்கு, அந்த ரிடக்‌ஷன் பூசுற மெழுகுக்கு எவ்வளவு பங்குன்னு படத்த பாத்து பிரிக்க முடியாது. முடி, துணி நெசவு மாதிரி இடத்துல டீட்டெயில் கரைஞ்சிருந்தா மெழுகு அதிகம்னு எடுத்துக்கலாம். உங்க ரா ஃபுட்டேஜ்ல அந்த சந்தேகம் ரொம்ப கம்மி, அதனாலதான் இவ்வளவு தைரியமா சர்க்யூட்ட கை காட்டுறேன்.

ஏற்கனவே 1000-ல எடுத்தத திருப்பி எடுக்க முடியலன்னா, ரிசால்வ் ஸ்டுடியோவுல டெம்போரல் நாய்ஸ் ரிடக்‌ஷன முதல் நோட்லயே, கிரேடுக்கு முன்னாடி போடுங்க, இலவச வெர்ஷன்ல அது வராது, ஆனா பாக்கெட் 4கே புதுசா வாங்கினா பெட்டியிலயே ஸ்டுடியோ லைசென்ஸ் குடுப்பாங்க, தேடி பாருங்க. லூமாவ கம்மியா வச்சு குரோமாவ மட்டும் நல்லா ஏத்துங்க, உங்களுக்கு கண்ண உறுத்துறது நிறத்திட்டுதான், கறுப்பு வெள்ளை கிரெயின் கொஞ்சம் இருந்தா யாரும் கேக்கமாட்டாங்க. ஆள் வேகமா நடக்குற ஷாட்ல மோஷன் செட்டிங்க இறக்கி வைங்க, இல்லன்னா கை ஆட்டும்போது பின்னாடி நிழல் மாதிரி வால் இழுக்கும். நிழல தூக்கி சுவர காட்டணும்னு ஆசைப்படாதீங்க, வேவ்ஃபார்ம்ல பத்து ஐஆர்இக்கு கீழ இருக்குறத அப்படியே இருட்டா விட்டுட்டு, உங்க ஃப்ரெண்டோட 3200 கிளிப் அதே சீன்ல வருதுன்னா அதுக்கு மேல கொஞ்சம் கிரெயின் சேர்த்து ரெண்டையும் பொருத்துங்க, நாய்ஸ் இருக்குறத சுத்தமாக்குறதவிட சுத்தமா இருக்குறதுக்கு கிரெயின் போடுறது ரொம்ப சுலபம்.